கடையின் செய்திமடல் வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் குடும்பம் கும்பகோணத்தில் காப்பித்தூள் கடை வைத்திருக்கிறது. கொட்டை வறுத்து, கேட்கிற அளவுக்குச் சிக்கரி கலந்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் சின்னக் கடை. உள்ளூர்க்காரர்கள் நேரில் வருவார்கள், அவர்களுக்கு மெயில் எதற்கு? சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் குடிபோன பிறகும் எங்கள் தூளையே கேட்டு, கூரியரில் வரவழைத்துக் கொள்கிறவர்கள் அறுநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். செய்திமடல் அவர்களுக்காக ஆரம்பித்தது. அதில் நாங்கள் மாட்டிக்கொண்ட இடங்களையும் வெளியே வந்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் கடையில் தெரிகிற அறிகுறி எதுவோ, அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் "எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவது" என்ற கேள்வியோடு வந்திருந்தாலும், மெயில் போய்ச் சேர்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். போய்ச் சேராத மெயிலின் இடைவெளியை மாற்றிப் பயனில்லை.

"மெயில் வரவே இல்லையே" என்கிறார்கள்

வாடிக்கையாளர் இப்படிச் சொன்னால், ஸ்பேம் பெட்டியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். ஜிமெயிலில் புரமோஷன்ஸ் பகுதியில் இருந்தால் அது கோளாறு அல்ல. விற்பனை மெயிலை ஜிமெயில் வைக்கும் அலமாரி அது. அதிலிருந்து வெளியே வரத் தந்திரம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்பேமில் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியையும் பட்டியலில் சேர்த்து ஒரு மடல் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, Show original என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே இப்படி மூன்று வரிகள் தெரிய வேண்டும்:

```
SPF:    PASS with IP 192.0.2.10
DKIM:   'PASS' with domain example.com
DMARC:  'PASS'
```

முதல் வரி, இந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்றதா என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, மடலின் மேல் டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின், முத்திரை இருக்கிறதா என்று சொல்கிறது. மூன்றாவது, அனுப்புநர் என்று வாசகர் பார்க்கும் முகவரியும் மேலே உள்ள இரண்டில் ஒன்றாவதும் ஒரே டொமைனைச் சேர்ந்தவையா என்று பார்க்கிறது. நிறையப் பேர் தவறவிடும் இடம் இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அங்கே PASS என்று தெளிவாக இருக்கும்; ஆனால் பக்கத்தில் உள்ள டொமைன் உங்களுடையதாக இல்லாமல், நீங்கள் பயன்படுத்தும் அனுப்பும் சேவையினுடையதாக இருக்கும். அப்போது மூன்றாவது வரி தேறாமல் போக வாய்ப்பு அதிகம். சேவையின் அமைப்புகளில் உங்கள் சொந்த டொமைனைச் சரிபார்க்கும் பகுதி இருக்கும். அது தருகிற வரிகளை டொமைன் வாங்கிய இடத்தில் சேர்த்தால் முத்திரை உங்கள் பெயருக்கு மாறும்.

எங்களுக்கு வந்த கோளாறு வேறு. செய்திமடல் சேவையில் சேர்ந்த மறுவாரம், மடல் மட்டுமல்ல, நாங்கள் வழக்கமாக அனுப்பும் பில் மெயிலும் ஸ்பேமுக்குப் போக ஆரம்பித்தது. மடலின் வாசகத்தை நாலுமுறை மாற்றி எழுதினேன். பயனில்லை. பில் மெயிலில் விற்பனை வாசகமே கிடையாது, அதுவும் ஏன் மாட்டுகிறது என்று யோசித்தபோதுதான் புத்தி டொமைன் பக்கம் திரும்பியது. டொமைன் வாங்கிய இடத்தில் SPFக்கு இரண்டு வரிகள் இருந்தன:

```
v=spf1 include:_spf.google.com ~all
v=spf1 include:spf.service.example ~all
```

பழையதை விட்டுவிட்டு, புதிய சேவை கொடுத்ததைத் தனி வரியாகச் சேர்த்திருந்தேன். ஒரு டொமைனுக்கு இந்த வகை வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக்கினேன்:

```
v=spf1 include:_spf.google.com include:spf.service.example ~all
```

கூடவே பில் மெயிலுக்கும் முத்திரையை இயக்கி, மூன்றாவது வரிக்காக இதையும் சேர்த்தேன்:

```
_dmarc.example.com  TXT  "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com"
```

இந்த மாற்றங்கள் உலகம் முழுக்கப் பரவ ஒரு நாளாவது கொடுங்கள். சேர்த்த அரைமணியில் சோதித்து, சரியாகவில்லை என்று மறுபடி கலைக்க வேண்டாம்.

சொந்த டொமைன் இல்லாமல், ஜிமெயில் அல்லது யாஹூ முகவரியையே அனுப்புநராக வைத்து ஒரு சேவை வழியாக அனுப்புகிறவர்களுக்கு இதில் எதுவும் உதவாது. gmail.com உங்கள் டொமைன் இல்லை, அதில் நீங்கள் எந்த வரியையும் சேர்க்க முடியாது. யாஹூ 2014 முதலே, தன் பெயரில் வெளியிடத்திலிருந்து வரும் மெயிலை நிராகரிக்கச் சொல்லி அறிவித்துவிட்டது. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு டொமைன் வாங்குவதுதான் வழி. சேவையே இல்லாமல் ஜிமெயிலிலிருந்து நேரடியாக எல்லாருக்கும் அனுப்பினால் நாளுக்கு 500 பேர்தான் வரம்பு. அதைவிடப் பெரிய ஆபத்து, பிசிசி கட்டத்தில் போட வேண்டிய முகவரிகளை அவசரத்தில் மேல் கட்டத்தில் போட்டுவிடுவது. அத்தனை வாடிக்கையாளர் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், திரும்பப் பெற வழியில்லை.

மடல் பாதியில் வெட்டுப்படுகிறது

மடலின் குறியீட்டு அளவு ஏறக்குறைய 102 கேபியைத் தாண்டினால், ஜிமெயில் மீதியை மறைத்துவிட்டு, முழுதாகப் பார்க்க ஒரு லிங்க் மட்டும் கொடுக்கும். படங்களின் அளவு இதில் சேராது, எழுத்தும் அதைச் சுற்றிய குறியீடுகளும்தான் கணக்கு. தமிழில் எழுதுகிற நமக்கு இந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். தமிழில் 'க' மூன்று பைட், துணைக்காலோடு 'கா' ஆறு பைட். சில எடிட்டர்கள் தமிழ் எழுத்தை அப்படியே வைக்காமல் `க` போன்ற எண்களாக மாற்றிவிடும், அப்போது 'க' ஒன்றே ஏழு பைட் ஆகிறது. வேர்டில் எழுதி அப்படியே ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குப்பையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெட்டுப்படுவதில் அழகு கெடுவது சின்ன விஷயம். விலகும் லிங்க் மடலின் அடியில் இருக்கிறது, அது மறைந்துவிடும். விலக நினைக்கிறவர் லிங்க்கைத் தேடிக் கிடைக்காமல், கைக்கு எட்டிய ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அதனால் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள், மடலைச் சுருக்குங்கள், விலகும் லிங்க்கை மேலேயும் ஒருமுறை வையுங்கள். மேலே வைத்தால் எல்லாரும் விலகிவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். விலக நினைக்கிறவர் எப்படியும் போவார், லிங்க் வழியாகப் போகட்டும் என்று சொல்லித்தான் வைத்தேன். எண்ணிக்கை கூடவில்லை.

மெயில்கள் திரும்பி வருகின்றன

திரும்பி வரும் மெயிலில் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். `550 5.1.1` என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை, அன்றே நீக்குங்கள். `452 4.2.2` என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது, மூன்று முறை தொடர்ந்து வந்தால் நீக்கலாம். `550 5.7.26` என்று வந்தால் முகவரியில் தவறில்லை, முதல் பகுதியில் சொன்ன மூன்று வரிகளில்தான் கோளாறு.

கல்லாவில் நோட்டுப் போட்டு எழுதி வாங்கிய முகவரிகளில் தவறு அதிகம். எங்கள் நோட்டில் gmial.com என்றும் gmail.con என்றும் வந்தவற்றைக் கையால் திருத்தினோம். 'ஒன்று' என்ற எண்ணா 'எல்' என்ற எழுத்தா என்று புரியாதவற்றை போனில் கேட்டோம். இப்போது வாடிக்கையாளரையே அவர் போனில் தட்டச்சு செய்யச் சொல்லி, ஓர் உறுதி மெயில் அனுப்பி, அதை அழுத்தியவர்களை மட்டும் சேர்க்கிறோம். பில்லுக்காகக் கொடுத்த முகவரிக்கு மடல் அனுப்பலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. எதற்கு வாங்குகிறோமோ அதற்கு ஒப்புதல் வேண்டும், கொடுத்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இரண்டு வருடமாக யாரும் நுழையாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கி வருகிறது. பழைய பட்டியலைத் தூசி தட்டி எடுத்து அனுப்பினால் திடீரென்று ஏகப்பட்ட மெயில் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திறப்பு அதிகம், ஆர்டர் இல்லை

சேவையின் பக்கத்தில் "60 சதவீதம் பேர் திறந்தார்கள்" என்று காட்டும்; கடையில் போன் அடிக்காது. அந்த எண்ணை நம்பாதீர்கள். மடலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் இறங்கினால் அதைத் 'திறப்பு' என்று கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனின் மெயில் செயலியில் வந்த தனியுரிமை வசதி, அதை இயக்கியவர்களுக்கு, அவர்கள் மடலைத் தொடாவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மறுபக்கம், மடல் வெட்டுப்பட்டால் அடியில் உள்ள அந்தப் படம் இறங்காமல் போய், படித்தவரும் படிக்காதவராகத் தெரிவார்.

நாங்கள் எண்ணுவது மூன்றை மட்டும்: மடல் போன ஐந்து நாளுக்குள் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்து வந்த ஆர்டர், வந்த பதில், விலகியவர். பில் எண்ணோடு மெயில் முகவரியும் ஒரே தாளில் இருந்தால் இதைக் கையாலேயே எண்ணிவிடலாம்.

'புகார் 0' என்று காட்டுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பேம் பொத்தானை அழுத்தியவர் யார் என்பதை ஜிமெயில் அனுப்பும் சேவைகளுக்குச் சொல்வதில்லை. நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஜிமெயில்காரர்கள், அதனால் அந்தப் பூஜ்யம் கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லாது. கூகுள் தன் வழிகாட்டுதலில் ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது என்கிறது. 640 பேர் பட்டியலில் 0.3 சதவீதம் என்பது இரண்டே பேர். ஒரு மடலுக்கு இரண்டு பேர் எரிச்சலில் அழுத்தினால் போதும். அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த பகுதி.

விலகுகிறவர்கள் ஒவ்வொரு மடலுக்கும் கூடுகிறார்கள்

இதை எங்கள் கணக்கோடே சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு முன்னால் வாரம் ஒரு மடல் என்று ஆரம்பித்தேன். 640 பேர். முதல் மடலுக்கு 41 ஆர்டர், விலகியவர் 3. நான்காவதற்கு 28 ஆர்டர், விலகியவர் 5. எட்டாவதற்கு 17 ஆர்டர், விலகியவர் 11. அந்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். கடையில் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "தம்பி, தூள் நன்னாத்தான் இருக்கு. ஆனா டப்பா நெறைய இருக்கும்போது வாரா வாரம் 'வாங்குங்கோ'ன்னு எழுதினா நான் என்ன பண்றது?" என்றார்.

டப்பா நிறைய இருக்கும்போது. அதைக் கேட்டபிறகு அந்த இரண்டு மாதத்தின் மொத்தக் கூரியர் ஆர்டரைப் பார்த்தேன். மாதம் 150 சுமார். மடல் தொடங்குவதற்கு முன்பும் அதே 150 சுமார். வாரா வாரம் எழுதியதால் யாரும் கூடுதலாகக் காப்பி குடித்துவிடவில்லை. நான்கு மடல்கள் ஒரே ஆர்டரைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன, அவ்வளவுதான். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு 25 கிராம் போட்டால் அரைக் கிலோ 20 நாள் வரும். அரைத்த தூளை வாங்கிக் குவித்து வைக்கவும் முடியாது, மணம் போய்விடும். எங்கள் மடலின் இடைவெளியை முடிவு செய்ய வேண்டியது அந்த டப்பா.

டப்பா எப்போது தீருகிறது என்பது பில் புத்தகத்தில் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் குறைந்தது ஐந்து பில் போட்ட கூரியர் வாடிக்கையாளர்களை எடுத்தேன், 72 பேர் தேறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதினேன். ஒருவருடைய தேதிகள் இவை: ஜனவரி 6, ஜனவரி 25, பிப்ரவரி 13, மார்ச் 3, மார்ச் 23, ஜூன் 12. இடைவெளிகள் 19, 19, 18, 20, 81. சராசரி பார்த்தால் 31 நாள் வருகிறது. அது பொய்க் கணக்கு. கோடை விடுமுறையில் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒரு 81 நாள் மொத்தத்தையும் இழுத்துவிட்டது. வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 19. அதுதான் அந்த வீட்டு டப்பாவின் ஆயுள். கணினித் தாளில் ஒரு வரி போதும்:

```
=MEDIAN(B2:B6)
```

72 பேருக்கும் இப்படிப் பார்த்ததில் இரண்டு கூட்டம் பிரிந்து நின்றது. அரைக் கிலோ வாங்குகிற 44 பேருக்கு 17 முதல் 23 நாள். கிலோ வாங்குகிற 21 பேருக்கு 35 முதல் 45 நாள். மீதி 7 பேர் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை, அவர்களை விட்டுவிட்டேன். எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே மடல் என்ற பழக்கத்தில்தான் தவறு இருந்தது என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இப்போது செய்வது இதுதான். எல்லாருக்கும் மாதம் ஒரு மடல், முதல் வாரத்தில். அதில் செய்தி இருக்கும்: எந்தத் தோட்டத்துக் கொட்டை வந்திருக்கிறது, பீபெரி இருக்கிறதா தீர்ந்ததா, பொங்கலுக்குக் கடை எத்தனை நாள் மூடியிருக்கும், விலை மாறுகிறதா. 2024இல் காப்பிக் கொட்டை விலை ஏறிக்கொண்டே போனபோது, "பத்து நாள் கழித்து விலை கூடுகிறது, பழைய விலை இந்தத் தேதி வரை" என்று எழுதிய மடலுக்கு வந்த அளவு பதில் வேறு எதற்கும் வந்ததில்லை. விலை ஏற்றத்தைச் சொல்லப் பயப்பட வேண்டாம். பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நம்மிடமிருந்து முன்பே தெரிந்துகொள்வதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

அதற்கு மேல், தனித்தனியாக ஒரு நினைவூட்டல். 19 நாளில் தீரும் வீட்டுக்குக் கூரியர் போக மூன்று நாள், அவர்கள் யோசிக்க இரண்டு நாள் என்று ஐந்தைக் கழித்து, கடைசி பில்லிலிருந்து 14ஆம் நாள். கிலோ வாங்குகிறவர்களுக்கு 40இல் ஐந்து போக 35ஆம் நாள். மூன்று வரி மட்டும்: போனமுறை என்ன கலவை வாங்கினார், அதையே அனுப்பட்டுமா, 'சரி' என்று பதில் போட்டால் போதும். அனுப்பும் முன் அன்றைய பில்லைப் பார்ப்பது கட்டாயம். நேற்றே ஆர்டர் போட்டவருக்கு இன்று "தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டால், கடை நம்மைக் கவனிக்கவே இல்லை என்று தோன்றிவிடும். மாத மடலும் நினைவூட்டலும் ஏழு நாளுக்குள் ஒருவருக்கே விழும்போது, அவருக்கு நினைவூட்டல் மட்டும் போகும்.

நினைவூட்டலால் உண்மையில் பயன் உண்டா என்று பார்க்க, அந்த 44 பேரை வாடிக்கையாளர் எண் ஒற்றை, இரட்டை என்று பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மூன்று மாதம் அனுப்பினேன். நினைவூட்டல் போனவர்களுடைய நடு இடைவெளி 18 நாள், போகாதவர்களுடையது 21. அவர்கள் அதிகம் குடிக்கவில்லை. டப்பா காலியாகி, நம் பொட்டலம் வருவதற்குள் தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிச் சமாளித்த அந்த மூன்று நாள்தான் நமக்குத் திரும்பி வந்தது. 22 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒரு மாதக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ஒரு பாதியில் 31 ஆர்டர், இன்னொன்றில் 27 என்றால் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விலகும் பக்கத்தில் "இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும்" என்ற ஒரு வழியையும் சேர்த்தோம். விலக வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்து நின்றுவிட்டார். பெங்களூர் மாமியும் அதில் ஒருவர். இப்போது மடலுக்கு ஒருவரோ இருவரோ விலகுகிறார்கள்.

டப்பா தீர்கிற பொருள் இல்லாத கடைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. புடவைக் கடையில் இடைவெளி ஆறு மாதம்கூட இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். அங்கே நாள்காட்டியைவிடச் சரக்கு வருகிற நாள்தான் மடலின் நாள்; வருடத்துக்கு ஐந்தாறு போதும் என்பது என் கருத்து. ஒவ்வொன்றிலும் காட்ட உண்மையான புதுச்சரக்கு இருக்க வேண்டும்.

"யார் நீங்கள்? என் முகவரி எப்படிக் கிடைத்தது?"

இந்தப் பதில் வந்தால், இடைவெளி நீண்டுபோய்விட்டது என்று அர்த்தம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன வருடம் ஏழு மாதம் நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு ஒரே நாளில் மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பி, இதே கேள்வியை வாங்கினேன். அடுத்த மடல் பலருக்கும் ஸ்பேமில் விழுந்தது. மூன்று வரிகளும் PASS, எழுத்தில் தவறில்லை. மறந்துபோனவர்கள் அழுத்திய ஸ்பேம் பொத்தான்தான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

மறுபடி ஆரம்பிக்கும்போது பில் புத்தகத்தின் வரிசையில் ஆரம்பியுங்கள். கடைசி 90 நாளில் வாங்கியவர்களுக்கு முதல் மடல். ஒரு வாரம் கழித்து, திரும்பி வந்தவையும் விலகியவர்களும் குறைவாக இருந்தால், 180 நாளுக்குள் வாங்கியவர்கள். அதன்பிறகு ஒரு வருடம் வரை. முதல் பத்தியிலேயே கடையின் பெயர், ஊர், அவர் எப்போது என்ன வாங்கினார் என்பதைச் சொல்லிவிடுங்கள். அனுப்புநர் பெயராகக் கடைப் பெயரையே வையுங்கள். நான் ஒருமுறை என் பெயரை வைத்தேன், நெருக்கமாக இருக்குமென்று. என் பெயர் யாருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது கடைப் பெயர்தான். எங்கள் அளவில், 60 நாளைத் தாண்டி ஒன்றுமே அனுப்பாமல் விட்டால் இந்தக் கேள்வி வர ஆரம்பிக்கிறது.

ஒரு வருடத்துக்கு மேல் வாங்காதவர்கள் எங்கள் பட்டியலில் 118 பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தள்ளுபடி எதுவும் சொல்லவில்லை. "இனி மடல் வேண்டுமானால் 'காப்பி' என்று ஒரு வார்த்தை பதில் போடுங்கள், வராவிட்டால் நாங்களே நீக்கிவிடுகிறோம்" என்று ஒரே ஒரு மடல், இருபது இருபது பேராக, ஆறு நாளில் அனுப்பினோம். 23 பேர் பதில் போட்டார்கள். அதில் நான்கு பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகவும், ஊருக்கு வரும்போது கடைக்கு வருவதாகவும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு மாத மடலே போதும் என்று மாற்றினோம். மீதி 95 முகவரிகளை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெயர் பெயராகப் படித்து நீக்கினேன். சில பெயர்களுக்கு அவர் "இவர் காலமாகிவிட்டார்" என்றார்.